இருவர் பேசும் காட்சி: ஷாட், ரிவர்ஸ், லுக் – அடிக்கடி வரும் கேள்விகள்

குறும்படம் எடுக்கும் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. தனித்தனியாகப் பதில் சொன்னால் காற்றில் கோடு போட்ட மாதிரி இருக்கும் என்பதால், ஒரே காட்சியை வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன்.

காட்சி இதுதான். அக்கா வசந்தி, தம்பி குமரன். சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே டீ குடிக்கிறார்கள். வீட்டை விற்க அட்வான்ஸ் வாங்கிவிட்டதாகத் தம்பி சொல்கிறான். அக்கா ஒன்றும் பேசாமல் டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுகிறாள், சமையலறை வாசல் வரை போகிறாள், அங்கே நின்றபடி "அம்மாகிட்ட சொல்லிட்டியா?" என்கிறாள். அம்மா இப்போது சுவரில் போட்டோவாக இருக்கிறார். தாளில் இரண்டரைப் பக்கம்.

அறையை மனதில் வரைந்துகொள்ளுங்கள். நீங்கள் ஹாலில் நின்று உள்ளே பார்க்கிறீர்கள். எதிரே ஜன்னல், அதை ஒட்டி நாலடி நீள மேசை. மேசையின் இடது முனையில் வசந்தி, வலது முனையில் குமரன். இடது சுவரில் தினக்காலண்டர். வலது சுவரில், குமரனின் முதுகுக்குப் பின்னால், சமையலறை வாசல்.

லைன், லைன்னு செட்டுல எல்லாரும் சொல்றாங்க. அது எங்கதான் ஓடுது?

ஒருவர் கண்ணிலிருந்து மற்றவர் கண்ணுக்கு. மேசைக்கும் அறைச் சுவருக்கும் அதில் சம்பந்தம் இல்லை. வசந்தி குமரனைப் பார்க்கிறாள், குமரன் வசந்தியைப் பார்க்கிறான், அந்த இரண்டு பார்வையையும் சேர்த்து ஒரு கயிறு கட்டினால் அதுதான் லைன். கயிற்றுக்கு ஹால் பக்கமாகவே கேமரா எங்கே நின்றாலும் வசந்தி திரையின் வலப்பக்கம் பார்ப்பாள், குமரன் இடப்பக்கம் பார்ப்பான். முகத்தை மட்டும் நெருங்கி எடுத்த இரண்டு குளோஸை ஒட்டினால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசுவதாகத் தெரியும். ஒன்றை மட்டும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய் எடுத்துவிட்டால் இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்ப்பார்கள். பஸ்ஸில் முன்னும் பின்னும் உட்கார்ந்திருப்பவர்கள் பேசிக்கொள்வது போல இருக்கும்.

இதைச் சரிபார்க்க ஒத்திகையின்போது உண்மையிலேயே ஒரு டேப்பைத் தரையில் ஒட்டிவிடுவேன், ஒரு நாற்காலியிலிருந்து இன்னொரு நாற்காலிக்கு. டேப்பைத் தாண்டி டிரைபாட் வைக்கும் யாரும் ஒரு நிமிஷமாவது யோசிப்பார்கள்.

இன்னொன்று. லெஃப்ட், ரைட் என்று பேசினால் அது எப்போதும் கேமராவின் லெஃப்ட், ரைட்தான். "கொஞ்சம் லெஃப்ட்ல பாருங்க" என்று சொன்னால் நடிகர் தன் இடப்பக்கம் திரும்புவார், அது திரையில் வலப்பக்கம். "கேமரா லெஃப்ட்" என்று முழுதாகச் சொல்லிப் பழகினால் பாதி நேரம் மிச்சம்.

கயிற்றுக்கு எந்தப் பக்கம் நிக்கறதுன்னு எப்படி முடிவு பண்றது? ரெண்டு பக்கமும் ஒண்ணுதானே?

லுக்கை, அதாவது பார்வை போகும் திசையைப் பொறுத்தவரை ஒன்றுதான். வெளிச்சத்தைப் பொறுத்தவரை இல்லை. நாங்கள் ஹால் பக்கத்தை எடுத்ததற்கு முதல் காரணம் ஜன்னல். ஹால் பக்கம் நின்றால் ஜன்னல் வெளிச்சம் இருவர் முகத்திலும் கேமராவுக்கு அப்பாலுள்ள கன்னத்தில் விழும், கேமராவுக்கு இப்பாலுள்ள கன்னம் மெல்ல இருட்டும். முகத்துக்கு ஒரு வடிவம் கிடைக்கும். இருட்டு அதிகமானால் ஹால் பக்கம் ஒரு தெர்மாக்கோல் பிடித்தால் போதும். ஜன்னல் பக்கம் நின்று எடுத்திருந்தால் வெளிச்சம் கேமரா பக்கமிருந்தே முகத்தில் அடித்து, முகம் தட்டையாகத் தெரியும். அறைக்குள் இடமும் இருந்திருக்காது.

இரண்டாவது காரணம் வசந்தி நடக்கும் வழி. அவள் மேசைக்கும் ஹாலுக்கும் இடையேதான் நடந்து வாசலுக்குப் போக முடியும். அந்த நடையை முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் கேமரா ஹால் பக்கம் இருந்தாக வேண்டும். காட்சியில் எங்கே பெரிய அசைவு இருக்கிறதோ அதைப் பார்த்துப் பக்கத்தை முடிவு செய்யுங்கள். உட்கார்ந்து பேசும் பகுதி எந்தப் பக்கத்துக்கும் ஒத்துப்போகும்.

அது கிழக்கு ஜன்னல். காலையில் வெயில் நேரே மேசையில் விழுந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை இடம் மாறும். அதனால் வெயில் விலகிய பிறகு, 11 மணிக்குத்தான் முதல் ஷாட் வைத்தோம்.

சஜஷன் ஷாட்டுக்கு எந்தத் தோளுக்கு மேல போகணும்? எப்பவும் குழப்பமா இருக்கு.

ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து மற்றவர் முகத்தை எடுப்பதுதான் சஜஷன். ஒருவருக்கு வலது தோள் என்றால் மற்றவருக்கு இடது தோள். இதை மட்டும் ஞாபகம் வைத்தால் போதும். இரண்டு சஜஷனும் வலது தோள் மேலிருந்து வந்திருந்தால் லைனைத் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம், வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை.

நம் காட்சியில் குமரன் முகத்தைப் பார்க்க வசந்தியின் வலது தோளுக்குப் பின்னால் நிற்கிறோம். வசந்தியின் தலையும் தோளும் திரையின் இடது ஓரத்தில், குமரன் வலப்பக்கம். அப்புறம் குமரனின் இடது தோளுக்குப் பின்னால் போனால் குமரன் வலது ஓரத்தில், வசந்தி இடப்பக்கம். காட்சி முழுவதையும் இருவரோடும் சேர்த்து அகலமாக எடுக்கும் மாஸ்டரில் யார் எந்தப் பக்கமோ அதே பக்கத்திலேயே இருவரும் இருக்கிறார்கள். யார் முகம் தெரிகிறது என்பது மட்டும்தான் மாறியது.

ஷாட்டும், எதிர்ப் பக்கம் திருப்பி எடுக்கற ரிவர்ஸும் ஜோடியா இருக்கணும்னா எதையெல்லாம் அளந்து வைக்கணும்?

லென்ஸ், கேமராவுக்கும் முகத்துக்கும் உள்ள தூரம், லென்ஸின் உயரம், கயிற்றிலிருந்து கேமரா எவ்வளவு விலகியிருக்கிறது. இந்த நாலும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் ஷாட்டுகள் தாமாகவே ஜோடி சேரும். ஒன்று மாறினாலும் பார்ப்பவருக்குக் காரணம் புரியாது, ஆனால் யாரோ ஒருவர் பக்கம் கதை சாய்கிற மாதிரி இருக்கும்.

நாங்கள் வைத்திருந்தது சூப்பர் 35 சென்சார் கேமரா. மாஸ்டருக்கு 24 மி.மீ., ஹால் பக்கம் மேசையிலிருந்து எட்டடி தள்ளி. சஜஷனுக்கு 50, முகத்திலிருந்து அதே எட்டடி. குளோஸுக்கு 85. முதல் பக்கம் எடுத்து முடித்ததும் உதவி இயக்குநர் டேப்பால் முகத்துக்கும் சென்சாருக்கும் உள்ள தூரத்தையும், தரையிலிருந்து லென்ஸ் நடுவரை உள்ள உயரத்தையும் அளந்து எழுதிக்கொண்டார். திருப்பி வைக்கும்போது கண்ணால் மதிப்பிடக் கூடாது. இரண்டாவது பக்கம் வைக்கும்போது அறையின் சுவர் இடிக்கும், ஒன்றரையடி முன்னால் வந்துவிடுவோம், 50-க்குப் பதில் 40 போட்டு ஃபிரேம் சரியாகிவிட்டது என்று நினைப்போம். ஃபிரேமில் தலை அளவு சரியாகத்தான் இருக்கும். ஆனால் தலைக்குப் பின்னால் உள்ள அறை ஒரு ஷாட்டில் நெருங்கியும் இன்னொன்றில் தள்ளியும் தெரியும். முன்னால் இருக்கும் தோளும் பெரிதாகிவிடும்.

நாலும் ஒன்றாக இருந்தும் ஜோடி சேராமல் போக ஒரு காரணம் உண்டு, உயர வித்தியாசம். எங்கள் குமரன் வசந்தியைவிட அரையடி உயரம். உட்கார்ந்தாலும் அது தெரிந்தது. வசந்தியின் நாற்காலியில் மடித்த போர்வை ஒன்றைப் போட்டோம். மாஸ்டரில் அதை மேசை மறைத்துவிட்டது.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க மானிட்டரில் இரண்டு சஜஷனையும் போனில் ஒரு போட்டோ எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண்கள் ஒரே கோட்டில் இருக்கின்றனவா, தலைகள் ஒரே அளவா, பார்வைக்கு முன்னால் விட்ட காலியிடம் ஒரே அளவா. ஒரு நிமிஷ வேலை. இதைச் செய்யாமல் போன நாட்களை எல்லாம் நான் எடிட்டில் அனுபவித்திருக்கிறேன்.

குளோஸ் எடுக்கும்போது எதிர்ல இருக்கறவங்களை எங்க உக்கார வைக்கறது? அவங்க இருந்தே ஆகணுமா?

இருந்தால் நல்லது. இல்லையென்றால் என்ன நடக்கும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

சஜஷனில் வசந்தி தன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள், குமரன் அவளைப் பார்க்கிறான், கேமரா அவளுக்குப் பக்கத்தில் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. அதனால் குமரனின் பார்வை லென்ஸைவிட்டு நன்றாகவே விலகியிருக்கும். குளோஸுக்கு வரும்போது அந்த விலகலைக் குறைக்க வேண்டும். முகம் திரை முழுக்க நிறையும்போது ஒரு கண் மட்டும் தெளிவாகவும் இன்னொரு கண் மூக்குக்குப் பின்னாலும் இருந்தால் நடிப்பில் பாதி போய்விடும். அதனால் கேமராவைக் கயிற்றை நோக்கி நகர்த்தினோம். கேமரா வந்த இடத்தில் வசந்தியின் தோள் இருந்தது. அவள் நாற்காலியை ஜன்னல் பக்கம் கொஞ்சம் தள்ளி, அவள் தலை லென்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வரும்படி உட்கார வைத்தோம். அவள் உண்மையான இடத்தில் இல்லை, ஆனால் திரையில் அது தெரியாது. இப்படி ஆளையோ பொருளையோ நகர்த்துவதைச் செட்டில் சீட் பண்ணுவது, அதாவது கேமராவை ஏமாற்றுவது என்பார்கள்.

ஒரு சாண் என்பது வேதவாக்கு இல்லை. அதைவிட நெருங்கினால் பார்ப்பவரையே பார்க்கிற மாதிரி ஆகும், விலகினால் பக்கவாட்டுத் தோற்றம் வந்துவிடும். முக்கியமானது, வசந்தியின் குளோஸுக்கும் அதே ஒரு சாண் வைக்க வேண்டும். ஒருவர் லென்ஸை ஒட்டிப் பார்த்து மற்றவர் தள்ளிப் பார்த்தால், ஒட்டிப் பார்க்கும் பாத்திரத்தோடு படம் பார்ப்பவர் சேர்ந்துகொள்வார். அது வேண்டுமென்றே செய்யலாம். தெரியாமல் நடக்கக் கூடாது.

இன்னொரு சின்ன விஷயம். மனிதர் ஒரு சமயத்தில் ஒரு கண்ணைத்தான் பார்ப்பார். நடிகர் எதிரில் உள்ளவரின் இடது கண்ணுக்கும் வலது கண்ணுக்கும் மாறி மாறிப் பார்த்தால் குளோஸில் கருவிழி அலைபாயும். லென்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணையே பாருங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

சரி, ஆள் இல்லாவிட்டால்? வேறொரு படத்தில் நான் இதில் மாட்டியிருக்கிறேன். அம்மா வேடத்தில் நடித்தவர் அவசரமாகக் கிளம்ப வேண்டியதாயிற்று. மகன் குளோஸ் பாக்கி. லைட் ஸ்டாண்டில் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, அதைப் பார்த்துப் பேசு என்றேன். அம்மா உட்கார்ந்திருக்கிற காட்சி. நான் நின்றபடி, என் கண் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே டேப்பை ஒட்டியிருந்தேன். எடிட்டில் மகன் முழு நேரமும் அம்மாவின் தலைக்கு மேல் உள்ள மின்விசிறியுடன் பேசிக்கொண்டிருந்தான். இடது, வலது எல்லாம் சரி, உயரம் மட்டும் தப்பு. அந்தக் குளோஸ்களில் ஒன்றைக்கூடப் பயன்படுத்த முடியாமல் சஜஷனிலேயே காட்சியை ஓட்டினோம். அப்போதிலிருந்து ஒருவர் கிளம்புவதற்கு முன் அவர் கண் உயரத்தைத் தரையிலிருந்து அளந்து வைத்துக்கொள்கிறேன். டேப்பைப் பார்ப்பதைவிட, அந்த உயரத்துக்கு உட்காரக்கூடிய ஒரு உதவி இயக்குநரைப் பார்ப்பது மேல். குரலாவது எதிரில் இருந்து வரும்.

பேசிட்டே ஒருத்தர் எழுந்து போறாங்க. அப்போ லைன் என்ன ஆகும்?

அவரோடு போகும். இந்தக் காட்சியின் சிக்கலான இடமே இதுதான்.

வசந்தி இடப்பக்கம் இருந்தவள். ஹால் பக்கமாக நடந்து குமரனைத் தாண்டி, வலப்பக்கம் உள்ள சமையலறை வாசலில் நிற்கிறாள். இப்போது திரையில் குமரன் இடப்பக்கம், வசந்தி வலப்பக்கம். இதுவரை வலப்பக்கம் பார்த்தவள் இனி இடப்பக்கம் பார்ப்பாள். குமரன் நாற்காலியில் திரும்பி அவளைப் பார்க்கும்போது அவன் வலப்பக்கம் பார்ப்பான். கேமரா ஹாலை விட்டு அசையவில்லை, ஆனால் எல்லா லுக்கும் தலைகீழாகிவிட்டது.

அது தப்பில்லை, ஒரே ஒரு நிபந்தனை. அவள் இடம் மாறுவதைப் பார்ப்பவர் கண்ணால் பார்க்க வேண்டும். நடையை மாஸ்டரில் வெட்டாமல் வைத்தோம். எழுகிறாள், கேமராவுக்கு முன்னால் இடமிருந்து வலமாகக் கடக்கிறாள், ஒரு நொடி குமரனை மறைக்கிறாள், வாசலில் போய் நிற்கிறாள். அதற்குப் பிறகு எந்தக் குளோஸுக்கு வெட்டினாலும் குழப்பம் வராது. நடையைத் தூக்கிவிட்டு, மேசையில் வலப்பக்கம் பார்க்கும் வசந்தியிலிருந்து வாசலில் இடப்பக்கம் பார்க்கும் வசந்திக்கு நேரே வெட்டினால், அவள் அறையின் எந்த மூலையில் இருக்கிறாள் என்று பார்ப்பவர் தேடுவார். அந்தத் தேடலில் "அம்மாகிட்ட சொல்லிட்டியா?" காதில் விழாமலே போய்விடும்.

ஆகவே உங்கள் திட்டத்தில் நடைக்கு முன், நடைக்குப் பின் என்று இரண்டு தனி ஜோடிகள் வேண்டும். பின்பகுதிக்குத் தோள்களும் மாறும். வாசலில் நிற்கும் வசந்தியைப் பார்க்க, திரும்பி உட்கார்ந்த குமரனின் வலது தோள். குமரனைப் பார்க்க வசந்தியின் இடது தோள். ஒன்று வலது, ஒன்று இடது என்ற கணக்கு இங்கும் அப்படியே நிற்கிறது.

உயரமும் மாறிவிட்டது, அவள் நிற்கிறாள், அவன் உட்கார்ந்திருக்கிறான். அவள் லுக் கீழே, அவன் லுக் மேலே. குமரனின் இந்த ஷாட்டை எடுக்கும்போது வசந்தி நின்றே வசனம் கொடுக்க வேண்டும். களைப்பாக இருக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்து கொடுத்தால் மேலே சொன்ன மின்விசிறிக் கதைதான், தலைகீழாக.

இரண்டு ஜோடிக்கும் இடையே இன்னொரு ஷாட் வைத்தோம், எனக்கு இந்தக் காட்சியிலேயே அதுதான் பிடித்தது. காலண்டர் சுவர் பக்கமிருந்து, 35 லென்ஸில், முன்னால் குமரன், பின்னால் வாசலில் வசந்தி. அவன் இன்னும் திரும்பவில்லை. இருவரும் ஒரே பக்கம், திரையின் இடப்பக்கம் பார்க்கிறார்கள். அவள் அவன் பிடரியைப் பார்க்கிறாள், அவன் காலி நாற்காலியைப் பார்க்கிறான். ஒரே பக்கம் பார்ப்பது தனித்தனி குளோஸில் தப்பு, ஒரே ஃபிரேமுக்குள் இரண்டு பேரும் தெரியும்போது அதுவே பேச்சு.

நடிகர் சுவர்ல இருக்கற ஒரு பொருளைப் பார்க்கணும். அதுக்கும் லுக் கணக்கு உண்டா?

உண்டு. மனிதரோ போட்டோவோ, பார்வை போகிற இடமெல்லாம் ஒரு கயிறுதான்.

நாங்கள் போனபோது அந்த வீட்டில் அம்மா போட்டோவை மாட்ட ஆணி இருந்தது ஹால் பக்கத் தூணில், கேமராவுக்குப் பக்கத்தில். அங்கேயே மாட்டியிருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். குமரன் குளோஸில் இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறான். போட்டோ திரைக் கணக்கில் வலப்பக்கம். அவன் பார்வை இடமிருந்து வலம் போகும் வழியில் நேராக லென்ஸைக் கடக்கும். ஒரு நொடி பார்ப்பவர் கண்ணைப் பார்த்துவிட்டுப் போவான். போட்டோவும் மாஸ்டரில் தெரியாது, அதனால் அவன் எதைப் பார்க்கிறான் என்பதற்கு போட்டோவை மட்டும் நெருங்கிக் காட்டும் இன்சர்ட் வரும் வரை விடையும் கிடையாது.

ஜன்னல் பக்கச் சுவருக்கு மாற்றினோம். இப்போது போட்டோ மாஸ்டரில் இருவருக்கும் நடுவே தெரிகிறது, வசந்தி கேட்பதற்கு முன்பே பார்ப்பவர் அம்மாவைப் பார்த்தாகிவிட்டது. குமரன் திரும்பும்போது பார்வை லென்ஸைவிட்டு இன்னும் விலகி இடப்பக்கமே போகும், கடப்பதில்லை. இதில் ஒரு நஷ்டம் உண்டு, முகம் பக்கவாட்டுக்குப் போய்க் கண் பாதி மறையும். அதை ஏற்றுக்கொண்டோம். அந்த இடத்தில் அவன் முகத்தை மறைத்துக்கொள்வது காட்சிக்கும் பொருத்தமாகத்தான் இருந்தது.

போட்டோக் கண்ணாடியில் ஹால் பக்கம் நிற்கும் கேமராவும் தெர்மாக்கோலும் தெரிந்தன. கண்ணாடியைக் கழற்றிவிட்டோம். கழற்ற முடியாவிட்டால் சட்டத்தின் மேல் முனைக்குப் பின்னால் அட்டையை மடித்துச் சொருகி முன்னால் சாய்த்தால் பிரதிபலிப்பு தரைக்குப் போகும்.

கதை வரிசையில எடுக்கறதா, ஒரு பக்கம் முழுசா எடுத்துட்டு அடுத்த பக்கம் போறதா?

பக்கம் பக்கமாக. கேமரா எந்தச் சுவரைப் பார்க்கிறதோ அந்தச் சுவரைப் பார்க்கும் எல்லா ஷாட்டையும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள், ஏனென்றால் நேரத்தைத் தின்பது வெளிச்சத்தை மாற்றி அமைப்பது. எங்களுக்கு அந்த ஒரு மாற்றத்துக்கு நாற்பது நிமிஷம் ஆனது.

முதலில் மாஸ்டர், நடையோடு சேர்த்து முழுக்க. டம்ளர் எந்தக் கையில், எந்த வசனத்தில் கீழே வைக்கிறாள் என்பதெல்லாம் இதில் முடிவாகும். அப்புறம் சமையலறை வாசலைப் பார்க்கும் திசை. குமரன் சஜஷன், குமரன் குளோஸ், இருவரும் ஒரே பக்கம் பார்க்கும் அந்த ஷாட், வாசலில் நிற்கும் வசந்தி. கவனியுங்கள், வசந்தியின் கடைசிப் பகுதி குமரனின் முதல் பகுதியோடு ஒரே வெளிச்சத்தில் வந்துவிடுகிறது. மதியச் சாப்பாட்டின்போது திருப்பி வைத்து, காலண்டர் சுவரைப் பார்க்கும் திசை. வசந்தி சஜஷன், வசந்தி குளோஸ், திரும்பிப் பார்க்கும் குமரன். கடைசியில் போட்டோ இன்சர்ட். மொத்தம் ஒன்பது ஷாட்.

யார் பக்கம் முதலில் என்பது ஆளைப் பொறுத்தது. எங்கள் குமரன் புதியவர், மாலைக்குள் வசனம் சலித்துவிடும் என்று அவரை முதலில் வைத்தோம். வசந்தியாக நடித்தவர் அனுபவசாலி, ஏழாவது முறை சொன்னாலும் புதிதாகச் சொல்வார்.

ரெண்டு கேமரா இருந்தா ஷாட், ரிவர்ஸ் ரெண்டையும் ஒரே நேரத்துல எடுத்துடலாமே?

எடுக்கலாம், ஆனால் ஒரு கேமரா இன்னொன்றின் ஃபிரேமுக்குள் வராமல் இருக்க இரண்டும் கயிற்றிலிருந்து விலகும், விலகினால் இரண்டு முகமும் பக்கவாட்டுக்குப் போகும். வெளிச்சமும் இருவருக்கும் பொதுவாக வைக்க வேண்டியிருக்கும். இரண்டையும் ஒரே திசையில் வைத்து, ஒன்றில் சஜஷன், ஒன்றில் குளோஸ் எடுப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. கையசைவும் டம்ளரும் தாமாகவே ஒத்துப்போகும்.

லுக் தப்பா எடுத்துட்டோம். எடிட்ல படத்தைக் கண்ணாடி மாதிரி திருப்பிப் போட்டா சரியாகிடுமா?

பார்வை திரும்பிவிடும். கூடவே மற்றதெல்லாமும் திரும்பும். புடவைத் தலைப்பு இடது தோளிலிருந்து வலது தோளுக்குப் போகும், சட்டைப் பை வலது பக்கம் வரும், வகிடும் மூக்குத்தியும் பக்கம் மாறும், தினக்காலண்டரில் எழுத்து இடவலம் மாறித் தெரியும். வெளிச்சமும் எதிர்க் கன்னத்துக்குப் போய்விடும், ஜன்னல் இருக்கும் பக்கத்தோடு பொருந்தாது. பின்னணி மங்கலான, தலை மட்டும் தெரியும் மிக நெருங்கிய குளோஸ் என்றால் சில சமயம் தப்பிக்கலாம். சஜஷனில் வாய்ப்பே இல்லை.

அதைவிட எளிய வழி, தப்பான ஷாட்டுக்கு முன்னால் கயிற்றின் மேலேயே நின்று எடுத்த ஒரு ஷாட்டையோ, டம்ளர், கை போன்ற ஒரு இன்சர்ட்டையோ வைப்பது. பக்கம் மாறியதைக் கண் மன்னித்துவிடும். அதற்காகவே ஒவ்வொரு காட்சியிலும் மேசை மேலுள்ள கைகளை ஒரு முறை எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

அப்போ லைனைத் தாண்டவே கூடாதா?

தாண்டலாம். ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு உரையாடல் காட்சிகளில் இந்த விதியைப் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை, அவர் படங்களில் கேமரா லைனின் இரு பக்கமும் போகும். ஆனால் அது படம் முழுக்க ஒரே முறையாக இருக்கிறது. உங்கள் படத்தில் நாற்பது காட்சி விதிப்படி இருந்து ஒரே ஒரு ஷாட் மட்டும் தாண்டினால், பார்ப்பவருக்கு அது தப்பாகவே படும். ஒரு காட்சிக்குள் பக்கம் மாற வேண்டுமென்றால் கேமராவை டிராலியில் வைத்து ஒருவரின் முதுகுக்குப் பின்னால் வெட்டாமல் சுற்றி வாருங்கள். கயிறு கடந்ததைப் பார்ப்பவரும் கூடவே வந்து பார்த்திருப்பார்.

இதையெல்லாம் நோட்ல எப்படி எழுதி வைக்கறது? எடிட்டருக்கும் புரியணும்.

ஒரு ஷாட்டுக்கு ஒரு வரி. யார், என்ன ஷாட், யார் தோள், லென்ஸ், லுக் கேமரா லெஃப்டா ரைட்டா, எதிரில் இருந்தவரின் கண் உயரம். எங்கள் நோட்டிலிருந்து நாலு வரி:

2 – குமரன், சஜஷன், வசந்தி வலது தோள், 50, லுக் லெஃப்ட், உட்கார்ந்து.
6 – வசந்தி, சஜஷன், குமரன் இடது தோள், 50, லுக் ரைட், உட்கார்ந்து.
நடை – மாஸ்டரில் மட்டும். வசந்தி லெஃப்ட்டிலிருந்து ரைட். இதற்குப் பின் லுக் மாறும்.
8 – குமரன் திரும்பி, வசந்தி இடது தோள், 50, லுக் ரைட், மேலே. வசந்தி நின்று கொடுத்தார்.

மூன்றாவது வரியை நான் எப்போதும் சிவப்பில் எழுதுவேன். எழுதாமல் விட்ட ஒரு முறை, எட்டாவது ஷாட்டில் குமரன் வலப்பக்கம் பார்க்கிறானே, தப்பாக எடுத்துவிட்டீர்களா என்று இரவு பதினோரு மணிக்கு எடிட்டர் போன் செய்தார். அதற்குள் அவர் அந்த ஷாட்டைத் திருப்பியும் போட்டிருந்தார்.